முகம் பார்த்துத் திறந்த செய்தி

சாவி வெட்டுகிற கடைக்கும் துணி வெளுக்கிற கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும் என்கிற அகலத்தில் ஒரு முடிவெட்டும் கடை. பெண்களுக்கு மட்டும். உள்ளே இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க ஒரே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே சீப்பும் கிளிப்பும் சாயக் கிண்ணமும் வைக்க ஒரு நீளப் பலகை. கடைக்காரியை எல்லோரும் சுருட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தலையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். எந்தச் சீப்பும் அதற்குள் போனால் திரும்பி வராது.

“ஊருக்கெல்லாம் முடியை நேராக்குற. உன் தலையை மட்டும் ஏன் காடா விட்டு வெச்சிருக்க?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

“வைத்தியர் தன் மருந்தைத் தான் குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?” என்பாள் அவள். இருபத்திரண்டு வருஷமாக அதே பதில். கேட்கிறவர்களும் இருபத்திரண்டு வருஷமாகச் சிரிக்கிறார்கள்.

அவளுடைய புருஷன் பஸ் ஓட்டுகிறவர். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். கல்யாணமான புதிதில் வேறொருத்தி கடையில் தரை கூட்டித் தொழில் படித்து, அப்புறம் நாற்காலி ஒன்று வாங்கி, அப்புறம் இன்னொன்று வாங்கி நிமிர்ந்தவள். முடி வெட்டுவதில் பாதி வேலை கைக்கு, மீதி வேலை காதுக்கு என்பது அவள் தொழில் பாடம். தலை கழுவும் தொட்டியில் கழுத்தைச் சாய்த்ததும் மனுஷிக்கு என்ன ஆகுமோ, வீட்டில் சொல்லாததை எல்லாம் மேல்கூரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். சுருட்டை கேட்டுக்கொள்வாள். கழுவின தண்ணீரோடு அதுவும் போய்விடும். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் சொன்னாள் என்று ஒரு பேச்சு அவள்மேல் வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அந்தப் பலகையில்தான் அவளுடைய போனும் நிற்கும். தேதி குறிப்பது அதில், பாட்டு அதில். முக்கியமாக, தலையில் சாயம் பூசினால் முப்பத்தைந்து நிமிஷம் கணக்கு வைப்பது அதில். பூட்டியிருந்தாலும் மீதி நிமிஷம் திரையில் குறைந்துகொண்டே வரும். நாற்பத்தைந்து வயதில் கண் மங்க ஆரம்பித்ததும், எழுத்தையெல்லாம் கொட்டை கொட்டையாகப் பெரிதாக்கிக்கொண்டாள். நாற்காலியில் இருப்பவளுக்கும் எதிரே அதே போன்தான். வேறு எங்கே பார்ப்பாள், பாவம். தன் முகத்தையே எவ்வளவு நேரம் பார்ப்பது?

முதல் சகுனம் சிரிப்பாகத்தான் வந்தது. ஒரு நாள் நாற்காலியில், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத தபால் ஆபீஸ் அம்மா. வண்டியைக் கடைசி நிறுத்தத்தில் போட்டுவிட்டுச் சுருட்டையின் புருஷன் செய்தி அனுப்பினார். பூட்டிய திரையில் அது விளம்பரப் பலகை மாதிரி பளிச்சென்று வந்து நின்றது. ‘அந்த ரேடியோ பெட்டி கிளம்பிருச்சா இல்லையா? பசிக்குது.’

தபால் ஆபீஸ் அம்மா அதைப் பார்த்தார். கண்ணாடி வழியாகச் சுருட்டையைப் பார்த்தார். “கிளம்பல. இன்னும் பின்பக்கம் பாக்கி இருக்குன்னு சொல்லு” என்றார்.

அன்று சாயங்காலம் மகள் போனை வாங்கி அமைப்புகளுக்குள் போனாள். அறிவிப்புகள் என்கிற இடத்தில், செய்தியின் வாசகத்தைக் காட்டுவது எப்போது என்று மூன்று வழி இருந்தது. எப்போதும் காட்டு, பூட்டுத் திறந்திருக்கும்போது காட்டு, ஒருபோதும் காட்டாதே.

“ஒருபோதும் வேண்டாம்னு போட்டுடவாம்மா? கடையில பத்துப் பேர் பாக்குற போன்.”

“அய்யய்ய, வேணாம்டி. கை பூரா சாயத்தோட நிப்பேன். ஒவ்வொண்ணுக்கும் கிளவுசைக் கழட்டி, கையைக் கழுவி, உள்ள போய்த் தேடிக்கிட்டு இருக்க முடியுமா? யாரு வரலன்னு சொல்றாங்க, யாரு லேட்டுங்கிறாங்கன்னு எனக்கு ஒரே பார்வையில தெரியணும்.”

“அப்ப நடுவுல இருக்கறது. பூட்டி இருந்தா ஆப் பேரும் ‘செய்தி’ங்கிற வார்த்தையும்தான் வரும். யாரு அனுப்பினதுன்னுகூட வராது. நீ மூஞ்சியைக் காட்டினா, உன்னைத் தெரிஞ்சுக்கிட்டு அதுவா விரிச்சுக் காட்டும். ஆனா உன் பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு அதுக்குத் தெரியாதும்மா.”

கடைசி வாக்கியம் சுருட்டையின் காதில் விழுந்ததா என்றால், விழுந்தது. நிற்கவில்லை. அவள் அதற்குள் போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒதுங்கியும் எட்டிப் பார்த்தும் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒதுங்கினால் வெறும் ‘செய்தி’. எட்டிப் பார்த்தால் பூட்டு அவிழ்ந்து எழுத்து விரிந்தது. “நாய்க்குட்டி மாதிரி எசமானியை அடையாளம் கண்டுபிடிக்குதுடி!” என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

கடைக்கு வருகிறவர்களிடமும் காட்டினாள். அப்படிக் காட்டப்பட்டவர்களில் ஒருத்தி மருந்துக்கடைப் பெண்.

எதிர்ச்சாரியில் இருக்கிற மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துத் தருகிறவள் அவள். முப்பத்தொரு வயது. ஆறு வருஷமாகச் சனிக்கிழமை காலை ஒன்பதரை அவளுடைய நேரம். இடது பக்கப் பிடரியில் அவளுக்கு ஒரு சுழி உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டினால் காய்ந்ததும் இடது பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். அதனால் அங்கே மட்டும் ஒரு நூல் அளவு கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். இது சுருட்டைக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அந்தப் பெண்ணுக்கே தெரியாது.

“நல்ல காரியம் பண்ணீங்கக்கா. எங்க கடையில கவுன்டர்ல போனே வைக்கக் கூடாது, டிராயர்ல போட்டுடணும். மருந்துப் பேரைக்கூட நாங்க சத்தமா சொல்ல மாட்டோம். ஒருத்தர் என்ன மாத்திரை சாப்பிடறாருன்னு பின்னாடி நிக்கறவருக்கு எதுக்கு?”

“அதேதான் கண்ணு. இங்கயும் இனிமே ஈ எறும்புக்குத் தெரியாது.”

அதே தொட்டியில்தான், போன வருஷம், அந்தப் பெண் கூரையைப் பார்த்துச் சொன்னாள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே எல்லோருக்கும் சொன்னதை; பதினோராவது வாரம் அது இல்லாமல் போனதை. “போனதைக்கூடத் தாங்கிக்கிட்டேன்க்கா. ஒவ்வொருத்தரா போன் பண்ணி எப்படிம்மா இருக்க, வாந்தி இருக்கான்னு கேட்டாங்க பாருங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் திரும்பத் திரும்ப இல்லைன்னு சொன்னேன் பாருங்க, அதுதான்…” சுருட்டை வெந்நீரைக் கொஞ்சம் கூட்டி வைத்து, அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

அந்தப் பெண்ணின் மாமியாரும் இதே கடைக்குத்தான் வருவார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். மருமகளிடம் பிரியமாகத்தான் இருப்பார். தொல்லை என்னவென்றால், முப்பத்து நான்கு வருஷம் வகுப்பில் வாசித்த வாய். எழுத்து எதைக் கண்டாலும் சத்தம் போட்டு வாசித்துவிடும். ஷாம்பு பாட்டிலில் உள்ளதை வாசிப்பார். எதிர்க்கடைப் பலகையை வாசிப்பார். ‘கதவை மெதுவாகச் சாத்தவும்’ என்பதை இருபது வருஷமாக ஒவ்வொரு தடவையும் வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

டீச்சருடைய நாள் வெள்ளிக்கிழமை. அந்த வாரம் மட்டும், கூட வேலை பார்த்த யாருக்கோ விருந்து என்று புதன்கிழமையே வந்து நின்றார். “ஒரு மணி நேரம் ஒதுக்கும்மா. இந்த நரையோட போனா, ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைவிட அவதான் எளசுன்னு நெனச்சுக்குவா.”

சுருட்டை சாயம் பூசி முடித்தாள். முப்பத்தைந்து நிமிஷத்தில் இன்னும் பன்னிரண்டு பாக்கி. காதோரத்தில் விட்டுப்போன ஒரு நரைக்கு மேல் பிரஷ் வைத்துக்கொண்டிருந்தபோது போன் முனகியது. திரையில் வெறுமனே ‘செய்தி’ என்று ஒரு வரி. அடுத்த ஆள் ஐந்து மணிக்கு வரவேண்டும். அவள்தான் வரவில்லை என்கிறாளோ என்று, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டீச்சரின் தோளுக்கு மேல் குனிந்து முகத்தைப் போன் பக்கம் கொண்டுபோனாள்.

நாய்க்குட்டி எசமானியைக் கண்டுகொண்டது. பூட்டு அவிழ்ந்தது. எழுத்து விரிந்தது.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில்தான் வைத்திருந்தார். அது பக்கத்தில் வைத்துப் படிப்பதற்கான கண்ணாடி. ஒரு கை தூரத்துக்கு அப்பால், அந்தக் கொட்டை எழுத்துக்கு, அவருக்குக் கண்ணாடியே வேண்டாம்.

“மருந்துக்கடை, சனிக்கிழமை,” என்று வாசித்தார். ஆளை இப்படித் தொழிலும் நாளும் போட்டுப் பதிந்துவைப்பது சுருட்டையின் வழக்கம். “அக்கா, இந்தச் சனிக்கிழமை டை வேண்டாம். வெட்டு மட்டும் போதும். ஏழு வாரம் ஆகுது. அவருக்குக்கூட இன்னும் சொல்லல. உங்களுக்கு மட்டும்…”

வகுப்பில் வாசிப்பது போல, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தெளிவாக வாசித்தார். அர்த்தம் வாய்க்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. சுருட்டை கையுறையோடேயே போனைக் கவிழ்த்தாள். திரையில் கறுப்பாக ஐந்து விரலும் பதிந்தன. ஆனால் வாசித்ததைக் கவிழ்க்க முடியுமா?

கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. நல்ல கண்ணீர்தான், அதில் சந்தேகமே இல்லை.

“என் மருமகதானே?”

பொய் சொல்லியிருக்கலாம். மருந்துக்கடையில் வேறு பெண் இல்லையா என்ன? இருபத்திரண்டு வருஷத்தில் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்த அளவுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. “டீச்சர், அது எனக்கு வந்தது. உங்களுக்கு வந்தது இல்ல. நீங்க பாக்கலன்னு வெச்சுக்கங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்” என்றாள்.

“ச்சே, என்ன பேச்சு இது. எனக்குத் தெரியாதா? போன தடவை பட்டது போதாதா அந்தப் பொண்ணு? நான் வாயைத் திறக்க மாட்டேன்.” அதைச் சொல்லும்போது டீச்சர் அதை மனசாரத்தான் சொன்னார்.

டீச்சர் போன பிறகு சுருட்டை திரையைத் துடைத்தாள். அந்தப் பெண்ணுக்கு எழுத ஆரம்பித்தாள். ‘கண்ணு, ஒரு தப்பு நடந்துபோச்சு’ என்று எழுதி அழித்தாள். ‘உங்க அத்தை இங்க இருந்தப்போ’ என்று எழுதி அழித்தாள். ஏழு வாரத்துப் பிள்ளைத்தாச்சியைப் பதற வைப்பானேன் என்று தோன்றியது. டீச்சர்தான் வாக்குக் கொடுத்துவிட்டாரே என்று தோன்றியது. தன் பேர் கெட்டுவிடுமே என்றும் தோன்றியது. அதை மட்டும் தோன்றாதது போலப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் ‘சரி கண்ணு. வெட்டு மட்டும். உடம்பைப் பாத்துக்க’ என்று அனுப்பினாள்.

அடுத்த ஒரு வருஷம் சுருட்டை தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இந்த இடத்தில்தான் இருக்கிறது. போன் காட்டியது ஒரு நொடி. அது விபத்து. டீச்சர் வீட்டுக்கு நடந்துபோக இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் விபத்து இல்லை. நாலு வரி அனுப்பியிருந்தால் அந்தப் பெண் மருந்துக்கடை வாசலில் நின்றே தன் புருஷனைக் கூப்பிட்டு, தன் வாயால், தன் வார்த்தையில் சொல்லியிருப்பாள்.

டீச்சர் வாக்கை ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் காப்பாற்றினார். சாப்பிடும்போது மருமகள் கனமான பாத்திரத்தைத் தூக்கப் போனாள். “நீ தூக்காத, நீ தூக்காத!” என்று டீச்சர் பதறி எழுந்தார். மகன் “ஏன்?” என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு ‘ஏன்’னுக்குப் பதில் சொல்லாமல் இருக்க டீச்சரால் முடியவில்லை.

இதெல்லாம் சுருட்டைக்குச் சனிக்கிழமை ஒன்பதரைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பெண் சரியான நேரத்துக்கு வந்தாள். தலை கழுவ வேண்டாம், தண்ணீர் தெளித்து வெட்டினால் போதும் என்றாள். அந்தத் தொட்டியில் அவள் கழுத்தைச் சாய்க்க மாட்டாள் என்று அப்போதே புரிந்தது.

சுருட்டை தண்ணீர் தெளித்து வாரி, வெட்ட ஆரம்பித்தாள்.

“அவர் அழுதாருக்கா” என்றாள் அந்தப் பெண். “சந்தோஷத்துல இல்ல. எங்கம்மா மூலமாத்தான் எனக்குத் தெரியணுமான்னு கேட்டார். மூணு மாசம் முடியற அன்னிக்கு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், குழந்தையோட நெஞ்சுத் துடிப்பைக் கேக்க வெச்சு, அங்க சொல்லணும்னு இருந்தேன். போன தடவை அதைக் கேட்டுட்டு வந்த மறு வாரம்தான் போச்சு. அதனால இந்தத் தடவை அவருக்கு உறுதியான சேதியை மட்டும் குடுக்கணும்னு இருந்தேன்.”

“கண்ணு, நான் காட்டலம்மா. போன் தானா…”

“தானா காட்டலக்கா. உங்க மூஞ்சியைப் பாத்துதான் காட்டுச்சு.”

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற குரல். அதனால்தான் இன்னும் வலித்தது.

“அதுகூடப் போகட்டும். எனக்கும் தெரியும் அந்த மாதிரி ஆகும்னு, நான் யோசிச்சு அனுப்பியிருக்கணும். ஆனா புதன்கிழமை சாயங்காலம் நீங்க எனக்குப் பதில் அனுப்பினீங்களே, உடம்பைப் பாத்துக்கன்னு. அப்ப உங்களுக்குத் தெரியும்தானே?”

சுருட்டை சீப்பை மாற்றி எடுத்தாள். இடது பக்கப் பிடரியில் ஒரு நூல் விட்டு வெட்டினாள். மிக நன்றாக வெட்டினாள். கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை என்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் எழுந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “அத்தையை ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்களும் ரெண்டு நாளா சாப்பிடல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

சுருட்டை அன்றே மகளைக் கூப்பிடாமல், தானே அமைப்புகளுக்குள் தடவித் தடவிப் போய், ‘ஒருபோதும் காட்டாதே’ என்பதைத் தொட்டாள். சோதித்தும் பார்த்தாள். முகத்தைக் காட்டினாள், சிரித்துக் காட்டினாள், முறைத்துக் காட்டினாள். பூட்டு அவிழ்ந்தது, எழுத்து விரியவில்லை. யார் பேரும் வரவில்லை. போன் அவளையும் மற்றவர்களைப் போலத்தான் நடத்தியது. உள்ளே போய்த் திறந்தால்தான் எதுவும் தெரியும். அன்றிலிருந்து நிமிஷக் கணக்குக்குச் சமையலறையில் வைக்கிற, திருகினால் கிர்ரென்று ஓடுகிற சின்னக் கடிகாரம் ஒன்று பலகைக்கு வந்தது. போன் துண்டு அடுக்குக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது.

“ஒரு தட்டலுக்கு இவ்வளவு நாள் யோசிச்சியாம்மா?” என்று மகள் கேட்டாள்.

“தட்டறதுக்கு ஒரு நொடிதான்டி. நீ சொன்னப்பவே தட்டியிருக்கணும், அவ்வளவுதான்.”

டீச்சர் மட்டும் வந்துகொண்டிருந்தார். ‘கதவை மெதுவாகச் சாத்தவும்’ என்பதை இப்போது வாசிப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தானாகவே சொன்னார். பேத்தி. இரண்டு கிலோ தொள்ளாயிரம். சுகப் பிரசவம். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இனிமே என்ன? நீ மனசுல வெச்சுக்காத.”

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். புருஷன் சொன்னார், மகள் சொன்னாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? அந்தப் பெண் சொல்லாமல் காத்து வைத்திருந்த ஒரு நாள் இருந்ததே, அந்த நாள் யாருக்கும் பிறக்கவில்லை. இதைச் சுருட்டை யாரிடமும் விளக்கவில்லை. விளக்கினால் பைத்தியம் என்பார்கள்.

ஒரு தடவை தெருவில் பார்த்தாள். மருந்துக்கடை வாசலில், தள்ளுவண்டியில் குழந்தையோடு அந்தப் பெண் நின்றிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். முடியை வேறு யாரோ வெட்டியிருந்தார்கள். மோசமான வெட்டு இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெட்டியிருந்ததால், இடது பிடரி ஒரு நூல் மேலே ஏறி நின்றது. சுருட்டையின் வலது கை தன்னையறியாமல் எழுந்து இறங்கியது. அந்தப் பெண் திரும்பினாள். பார்த்தாள். தலையை அசைத்து, “நல்லா இருக்கீங்களாக்கா?” என்றாள். “நல்லா இருக்கேன் கண்ணு” என்றாள் இவள். வண்டி நகர்ந்தது. அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிற அளவுக்கு அவர்கள் அதற்கு முன் அந்நியர்களாக இருந்ததே இல்லை.

சனிக்கிழமை ஒன்பதரையை அவள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டால், “அந்த நேரம் கடை கூட்டணும்” என்பாள்.

இப்போதெல்லாம் துண்டு அடுக்குக்குப் பின்னாலிருந்து போன் முனகினால், நாற்காலியில் இருப்பவளிடம் “ஒரு நிமிஷம்மா” என்று சொல்வாள். கிளவுசைக் கழற்றுவாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். துடைப்பாள். போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்துவாள். திரையில் பேர் இல்லாமல் ‘செய்தி’ என்று மட்டும் இருக்கும். பேர் தெரியாதவரைக்கும் அது யாராகவும் இருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் திறக்காமலே வைத்திருப்பாள்.

அப்புறம் திறப்பாள். துணி வெளுக்கிற கடைக்காரர் அனுப்பியிருப்பார். துண்டெல்லாம் காய்ந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளவும்.